பூனைக்கு ஒரு அனுமதிக் கடிதம்

கடந்த ஜூன் மாதம் என்று எழுத வந்து, ஆண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன். பாடசாலை விட்டு வந்து சாரத்தை மாற்றிக்கொண்டு முற்றத்துக் கதிரையில் சாய்ந்திருந்தபோது தெஹிவளையிலிருந்து மருமகளின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"மாமா, எங்கட ஊட்டுக்காரருக்கு ஒரு காயிதம் எழுதணும். நீங்கதான் எழுதித் தரணும்."

"என்ன காயிதம் மகள்? வாடகையக் குறைக்கச் சொல்லியா?"

"இல்ல மாமா. பூன வச்சிக்கொள்ள."

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதப் பழக்குகிறேன். அதிபருக்கு விடுமுறைக் கடிதம், வீதியைத் திருத்தக் கோரிப் பிரதேச சபைக்குக் கடிதம், வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுக்குக் கடிதம் என்று எத்தனையோ. பூனைக்காக ஒரு விண்ணப்பம் மட்டும் எந்தத் தரத்துப் பாடப்புத்தகத்திலும் இருந்ததில்லை. ஆனால் அவள் விடயத்தைச் சொல்லி முடித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் மௌத்தானதன் பிறகு ராத்தா ஊரில் தனியே இருக்கப் பயந்தார். மகளுக்குக் கொழும்பில் வேலை. ஆகவே இருவருமாக 2024 ஜூலையில் தெஹிவளையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இரண்டு அறை வீடொன்றை ஒரு வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தார்கள். அவ்வருடம் ஒக்டோபர் மாதம் மழை நாளொன்றில் படிக்கட்டின் கீழே ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டு கிடந்திருக்கிறது. கண் திறந்து சில வாரங்களே இருக்கும். ராத்தா அதைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். பஞ்சு என்று பெயரும் வைத்தாயிற்று. இத்தாவும் இடமாற்றமுமாக வாடிப் போயிருந்த மனுசி, பூனையோடு கதைக்கத் தொடங்கினார். பிறகு எங்களோடும் கதைத்தார்.

பிரச்சினை ஒப்பந்தத்தில் இருந்தது. பதினோராவது வாசகம், வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதியின்றி வளர்ப்புப் பிராணிகள் எதையும் வைத்திருக்கலாகாது என்கிறது. மருமகள் கையொப்பமிட்டபோது பூனை இல்லை. எனவே அதைப் பெரிதாக வாசிக்கவுமில்லை. ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதற்கு முன் ஹாஜியார் வீட்டைப் பார்க்க வருவார். எட்டு மாதமாக ஒளித்து வைத்த பூனையை என்ன செய்வது?

"அண்டைக்கு மட்டும் கீழ் வீட்டுல குடுத்து வைப்பமா மாமா?"

"வச்சிட்டு?"

அவள் பேசவில்லை. ஒரு நாள் ஒளிக்கலாம். மண் தட்டை ஒளிக்கலாம். அடுத்த வருடம் முழுவதும் கதவு தட்டும் ஒவ்வொரு முறையும் ராத்தா பூனையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடவேண்டும். ஒரு நாள் பிடிபட்டால் போவது பூனை மட்டுமல்ல. ஒப்பந்தத்தை மீறியவர்கள் என்று வீடே போகலாம், முற்பணத்திலும் கை வைக்கலாம். கொழும்பில் இரண்டு பெண்கள் தனியே இருப்பதற்கு நல்ல வீடொன்று தேடுவது எவ்வளவு பாடு என்பது தேடியவர்களுக்குத் தெரியும்.

எழுதுவோம் என்றேன்.

முதலில் நான் எழுதிய கடிதத்தை இங்கே தருவதற்கு வெட்கமாக இருக்கிறது. கைம்பெண்ணின் துயரம், வாயில்லா ஜீவனின் மீது காட்டும் இரக்கம், அதற்குரிய நன்மை என்று ஒன்றரைப் பக்கம். வாசித்துப் பார்த்தால் மனம் உருகும். ஆனால் அன்றிரவு படுக்கையில் அந்தக் கடிதத்தை ஹாஜியாராக இருந்து வாசித்துப் பார்த்தேன். உருகிய மனத்தோடு அவர் என்ன செய்வார்? இரக்கம் காட்டாவிட்டால் தான் கெட்டவன் என்கிறார்களே என்று கொஞ்சம் எரிச்சல் வரும். பிறகு தன் வீட்டின் கதவும் சுவரும் ஞாபகம் வரும். அவற்றைப் பற்றி என் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை வாசிப்பவன் எதற்குப் பயப்படுகிறான்? அதற்குப் பதில் இல்லாத விண்ணப்பம் வெறும் புலம்பல் என்பார். காலையில் எழுந்து ஒரு தாளில் ஹாஜியாரின் பயங்களை எழுதினேன். மணம். கீறல். இரவுச் சத்தம். அயலவர் முறைப்பாடு. ஒன்று இரண்டாகி ஆறாகுவது. இவர்கள் போனபின் வருகிறவர் பூனை வாடையில் வீட்டை வேண்டாம் என்பது. முஸ்லிம் வீட்டுக்காரருக்கு இன்னொன்றும் உண்டு. பூனையின் வாய் பட்ட தண்ணீர் சுத்தம் என்பதை நாம் சிறு வயதிலேயே படித்திருக்கிறோம். பூனையின் சிறுநீர் அப்படியல்ல, அது நஜீஸ். தொழுகிற இடத்தில் அது பட்டிருக்குமோ என்ற சந்தேகம் ஒரு வீட்டின் மதிப்பையே குறைத்துவிடும்.

இந்தப் பயங்களில் முக்காற்பங்குக்குப் பதில் ஒரே விடயத்தில் இருந்தது. பஞ்சுவுக்கு 2025 மார்ச்சில் சத்திரசிகிச்சை செய்தாயிற்று.

அது நடந்த கதையை மருமகளிடம் கேட்டேன். பெப்ரவரியில் ஒரு நாள் பஞ்சு கதவுக்குப் பின்புறத்தைக் காட்டி நின்று, வாலை நிமிர்த்தி நடுங்க வைத்துக்கொண்டு, கதவில் நேராகப் பீச்சியடித்ததாம். சலம் கழிப்பதென்றால் பூனை குந்தியிருந்து நிலத்தில் கழிக்கும். நின்றபடி சுவரிலோ கதவிலோ அடித்தால் அது எல்லை குறிப்பது. வயதுக்கு வந்த கடுவனின் சிறுநீரில் ஆண் சுரப்பியின் வேலையால் ஒரு காரமான வாடை சேர்கிறது. வாடகை வீட்டைக் கெடுப்பது அதுதான். அதோடு இரவில் கத்துவதும், ஜன்னலால் பாயப் பார்ப்பதும், பிற கடுவன்களோடு சண்டை பிடிப்பதும் தொடங்கும். பெண் பூனையென்றால் வேறு தொல்லை. குளிர் நாடுகளில் பகற்பொழுது குறையும் காலத்தில் பெண் பூனைக்கு அந்த வேகம் அடங்கியிருக்கும். எமது நாட்டில் வருடம் முழுவதும் பகல் ஏறத்தாழப் பன்னிரண்டு மணித்தியாலம். ஆகவே குட்டி தரிக்கும்வரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கத்திக்கொண்டே இருக்கும்.

கதவில் அடித்த மறுவாரமே மருமகள் மிருக வைத்தியரிடம் நாள் வாங்கினாள். முதல் நாள் இரவிலிருந்து சாப்பாடு கொடுக்கவில்லை. ஊசியால் மயக்கி, இரண்டு சிறு வெட்டுகள். ஆண் பூனைக்கு அனேகமாகத் தையல்கூடத் தேவைப்படுவதில்லை. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, புண்ணில் மண் ஒட்டாதிருக்கச் சில நாட்கள் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த பத்திரிகைத் தாளைப் போட்டார்கள். உடம்பிலுள்ள சுரப்பு வற்ற வாரங்கள் சில செல்லும் என்று வைத்தியர் சொன்னபடியே, ஏப்ரல் நடுப்பகுதியில்தான் அந்தக் கார வாடை முற்றாக நின்றது.

இதைக் கடிதத்தில் எழுத உட்கார்ந்தால் சொல் இடறியது. எங்கள் பக்கம் நாம்பன் மாட்டுக்குச் செய்வதை நலமடிப்பது என்பார்கள். அது வயற்காட்டுப் பேச்சு. ஒரு பெண்பிள்ளை பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் பொருந்தாது. காயடித்தல் அதைவிட மோசம். கருத்தடை என்று எழுதினேன், வெட்டினேன். 2019ஆம் ஆண்டு அந்தச் சொல்லை வைத்து எமது சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட பழியை மறந்தவர் நம்மில் எவருமில்லை. அச்சொல் இன்றும் நம் காதில் வெறும் வைத்தியச் சொல்லாக விழுவதில்லை. கடைசியில் ஒற்றைச் சொல்லைத் தேடுவதை விட்டு, 'இனி குட்டி உண்டாக்க முடியாதபடி சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஆண் பூனை' என்று விரித்தே எழுதினேன். நீளம்தான். ஆனால் வாசிப்பவருக்கு வேண்டியது அந்த விளக்கம்தானே.

அடுத்து ஓர் ஆசை வந்தது. 'இனி ஒருபோதும் மணம் வராது' என்று எழுதிவிட. மருமகளும் அதைத்தான் விரும்பினாள். ஆனால் அது உண்மையல்ல. சத்திரசிகிச்சை செய்த ஆண் பூனைகளிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்று எப்போதாவது பீச்சியடிக்கவே செய்யும். சிறுநீர்ப்பையில் நோய் வந்தாலும் தட்டுக்கு வெளியே கழிக்கும். தட்டில் திரும்பத் திரும்பக் குந்தியும் ஒரு துளியும் வரவில்லையென்றால் வழி அடைபட்டிருக்கிறது, அன்றே வைத்தியரிடம் ஓடவேண்டும். மணலைத் துப்பரவாக்காத வீட்டில் எந்தப் பூனையும் வேறிடம் தேடும். ஆகவே 'வராது' என்பதற்குப் பதிலாக, வந்தால் என்ன செய்வோம் என்று எழுதுவது மேல் என்றேன்.

அப்போதுதான் மருமகள் மெதுவாக ஒன்றைச் சொன்னாள். ஹாஜியார் தன் தாயாருடைய பழைய தேக்கு அலுமாரி ஒன்றை அந்த வீட்டில் விட்டு வைத்திருக்கிறார். அதன் முன்கால் ஒன்றில் பஞ்சு நகம் தீட்டிவிட்டது. விரல் நீளத்தில் நான்கைந்து கீறல்.

"அத எழுத வேணாம் மாமா. அலுமாரிய மற்றப் பக்கம் திருப்பினா தெரியாது."

"வேற எல்லாத்தையும் எழுதிட்டு இத மட்டும் ஒளிச்சா, கண்டாரெண்டா மற்றதெல்லாம் பொய்யாப் போகும் மகள்."

"நீங்க ஊருல இருந்து சொல்ற. வீடு போனா நானும் உம்மாவும்தான் தெருவுல நிக்கிற."

அவள் சொன்னது நியாயம். இரண்டு நாள் எங்களுக்குள் கதை இல்லை. மூன்றாம் நாள் ராத்தா எடுத்தார். "தம்பி, கீறினது உண்மதானே. எழுது" என்று மட்டும் சொன்னார்.

இன்னொரு படி பாக்கியிருந்தது. தொடர்மாடியில் ஹாஜியாரின் அனுமதி மட்டும் போதாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தொடர்மாடிகளில் வீட்டுச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்த ஒரு நிருவாகம் உண்டு. படிக்கட்டு, நடைபாதை, மின்தூக்கி போன்ற பொது இடங்கள் அதன் பொறுப்பு. அதன் விதிகள் வாடகைக்கு இருப்போரையும் கட்டுப்படுத்தும். அந்த விதிகள் பிராணிகளை முற்றாகத் தடுத்திருந்தால் ஹாஜியார் ஆம் என்று சொல்லியும் பயனில்லை. மருமகள் கீழே அலுவலகத்தில் போய் விதித்தாளை வாசித்து வந்தாள். தடை இல்லை, பொது இடத்தில் பிராணிகளை அவிழ்த்து விடக்கூடாது, உணவு வைக்கக்கூடாது என்பதே இருந்தது. அதையும் கடிதத்தில் சேர்த்தோம்.

கடைசியில் போன கடிதம் இது. பெயர்களையும் விலாசத்தையும் மட்டும் நீக்கியிருக்கிறேன்.

'மதிப்புக்குரிய ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஒப்பந்தத்தின் 11ஆம் வாசகத்தின்படி, தங்கள் வீட்டில் ஒரு பூனையை வைத்திருக்கத் தங்களின் எழுத்துமூல அனுமதியைக் கேட்கிறேன். இதை முன்னரே கேட்டிருக்க வேண்டும். சென்ற ஒக்டோபரில் மழையில் கிடந்த குட்டியை உம்மா எடுத்து வந்தார். அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறது. தாமதம் எனது பிழை.

இது ஒன்பது மாதம் கடந்த ஆண் பூனை. வெள்ளை நிறம். நிறை நான்கு கிலோ. இனி குட்டி உண்டாக்க முடியாதபடி மார்ச் மாதத்தில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் எல்லை குறிப்பதும் இரவில் கத்துவதும் இல்லை. விசர்நாய் நோய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளது, வருடாவருடம் போடுவோம். மிருக வைத்தியரின் கடிதமும் தடுப்பூசி அட்டையின் பிரதியும் இத்துடன் உள்ளன.

அதன் மணல் தட்டு பின்பக்கப் பல்கனியில் சீமெந்துத் தரையில் உள்ளது. காலையும் மாலையும் துப்பரவாக்குகிறோம். மணலை மலசலகூடத்தில் கொட்டுவதில்லை. பையில் கட்டிக் குப்பையில் போடுகிறோம். பல்கனிக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடிக்க விரும்புகிறோம். சுவரில் துளையிடாமல் கட்டக்கூடிய வலை. நாங்கள் ஊர் போகும்போது பூனையையும் கூடையில் கொண்டுபோவோம். மாடி நிருவாகத்தின் விதிகளை வாசித்தேன். அதை நடைபாதையில் விடமாட்டோம்.

ஒரு சேதம் ஏற்பட்டிருக்கிறது. தங்கள் தாயாரின் அலுமாரியின் முன்கால் ஒன்றில் நகக் கீறல்கள் உள்ளன. புகைப்படம் இணைத்துள்ளேன். தாங்கள் சொல்லும் தச்சரைக் கொண்டு எங்கள் செலவில் திருத்தித் தருவோம். இப்போது தும்புக்கயிறு சுற்றிய கட்டையொன்றை வைத்திருக்கிறோம். அதிலேயே நகம் தீட்டுகிறது. அலுமாரி இருக்கும் அறையைப் பூட்டி வைத்துள்ளோம்.

இனியும் சேதமோ மணமோ ஏற்பட்டால் எங்கள் செலவில் சரிசெய்வோம்; வீட்டை விடும்போது குறை இருந்தால் முற்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்த ஒரு பூனைக்கு மட்டுமே அனுமதி கேட்கிறேன். அயலவரின் நியாயமான முறைப்பாடு வந்து எங்களால் திருத்த முடியாமற் போனால், தாங்கள் அனுமதியை ஒரு மாத அவகாசத்துடன் மீளப் பெறலாம்.

வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். சம்மதமானால் இரண்டாம் பிரதியில் கையொப்பமிட்டுத் தந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாடகையாளர்.'

ஒன்றரைப் பக்கம் ஒரு பக்கமாகி இருந்தது. ராத்தாவின் துயரம் அதில் ஓரிடத்திலும் இல்லை. 'உம்மா எடுத்து வந்தார்' என்ற மூன்று சொற்கள்தான். புரிகிறவருக்கு அது போதும் என்று விட்டேன்.

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. அந்த நாட்களில் மருமகள் எனக்கு எடுத்தால் சுகம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். கீறலைப் பற்றி இருவரும் பேசவில்லை. நானும் பாடசாலையில் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தும்போது இடைக்கிடை அந்த அலுமாரிக் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதியவனுக்கு வீடு போகாது. எழுதுவித்தவர்களுக்குத்தான் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஹாஜியார் வந்திருக்கிறார். முதலில் அலுமாரியிடம் போய்க் குனிந்து கீறலைத் தடவிப் பார்த்தாராம். ஒன்றும் பேசவில்லை. பல்கனிக்குப் போனார். கதவு மூலைகளில் குனிந்து முகர்ந்தார். மருமகள் பெப்ரவரியில் கதவைப் பினைல் போடாமல் சவர்க்காரத் தண்ணீரும் வினாகிரியும் கொண்டு பலமுறை கழுவியிருந்தாள். பினைல் பூனைக்கு நஞ்சு. அமோனியா கலந்த திரவங்களோ சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் அதே இடத்துக்குப் பூனையைத் திரும்ப அழைக்கும். வைத்தியர் சொல்லியிருந்தார்.

பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாராம்: "இப்படிப் பூனைக்கு வெட்டுறது மார்க்கத்துல ஆகுமா?"

மருமகள் தடுமாறிப் போனாள். எமது மத்ஹபின் பழைய கிதாபுகளில் உண்ணக்கூடாத பிராணிகளுக்கு இதைச் செய்வது தடுக்கப்பட்டிருக்கிறது. தெருவில் பெருகிச் சாகும் குட்டிகளையும் மனிதர்க்கு வரும் தொல்லையையும் கருதி, தேவை இருந்தால் ஆகும் என்று இக்காலத்து அறிஞர் பலர் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஹாஜியாரின் பயங்களை எழுதிய என் தாளில் இது விடுபட்டுப் போயிருந்தது. பதில் சொன்னவர் ராத்தாதான். மௌலவி ஒருவரிடம் கேட்டுத்தான் செய்தோம் என்றாராம். ஹாஜியார் தலையாட்டினார்.

கையொப்பமிட்டார். ஆனால் நாங்கள் கேட்டபடியே அல்ல. அனுமதி ஒரு வருடத்துக்கு மட்டும். அடுத்த புதுப்பித்தலில் வீட்டைப் பார்த்துத்தான் மேலே. போகும்போது பல்கனியையும் கதவுகளையும் தீந்தை பூசித் தரவேண்டும். அலுமாரியைத் தச்சர் தொடவேண்டாம், தாயார் பாவித்தது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடுத்த கிழமை எடுத்தும் போனார். இந்த நிபந்தனைகள் புதிய ஒப்பந்தத்தில் தனி வாசகமாக எழுதப்பட்டன.

கீறலை எழுதியதால்தான் சம்மதித்தாரா, எழுதியிருக்காவிட்டாலும் சம்மதித்திருப்பாரா என்று மருமகளும் நானும் இன்னும் வாதாடுவதுண்டு. எழுதாமல் அலுமாரியைத் திருப்பி வைத்திருந்தால் அவர் கண்டிருக்கவே மாட்டார் என்பது அவள் கட்சி. இருக்கலாம். அலுமாரி போன அன்று அவர் முகம் வாடியிருந்ததாக ராத்தா சொன்னார். அந்தக் கடன் எங்கள் மீது இருக்கிறது.

இவ்வருடம் தரம் 9 பிள்ளைகளுக்கு விண்ணப்பக் கடிதம் படிப்பித்தபோது, வாடகை வீட்டில் பூனை வளர்க்க அனுமதி கேட்டு எழுதும்படி தலைப்புக் கொடுத்தேன். வகுப்பே சிரித்தது. முப்பத்தொரு கடிதத்திலும் பூனை அழகானது, சாதுவானது, எலி பிடிக்கும் என்று இருந்தது. ஒரு பிள்ளை மட்டும், 'எங்கள் பூனை உங்கள் திரைச்சீலையை ஏற்கனவே கிழித்துவிட்டது' என்று தொடங்கியிருந்தாள். அந்தக் கொப்பியில் புள்ளி போடுமுன் சற்று நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.